கம்பெனி வீடும் காரும்: சம்பளக் கணக்கில் எவ்வளவு சேரும்?

மார்ச் மாதச் சம்பளச் சீட்டு வந்த மறுநாள் என் மேசைக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "சார், வாடகையைக் கம்பெனி நேரா ஹவுஸ் ஓனருக்குத்தான் கட்டுது. என் அக்கவுன்ட்டுக்கே வராத பணத்துக்கு எப்படி வரி பிடிச்சீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் 'சம்பளம்' என்பது கைக்கு வரும் பணம் மட்டுமில்லை. வேலை கொடுத்தவர் இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகிற வசதிகளும் அதில் அடக்கம். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 17(2) இதைச் சொல்கிறது. சம்பளப் பிரிவில் இருக்கும் நாங்கள் இவற்றைப் பெர்க்விசிட் என்போம், பேச்சில் பெர்க்ஸ். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்புப் போடுவது என்பதை வருமான வரி விதிகளில் விதி 3 சொல்கிறது.

விதி 3-ஐப் படிக்கும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கம்பெனி செலவழித்த தொகை வேறு, வரிக்கு எடுக்கும் மதிப்பு வேறு. சில இடங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும், பல இடங்களில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இங்கே போடும் கணக்கு 2025-26 நிதியாண்டுச் சம்பளத்துக்கானது, தனியார் நிறுவன ஊழியருக்கானது. அரசு ஊழியரின் குடியிருப்புக்கு உரிமக் கட்டணத்தை வைத்து வேறு கணக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால், அதற்குப் பிந்தைய சம்பளத்துக்குப் புதிய விதிகளில் உள்ள தொகைகளைத்தான் எடுக்க வேண்டும்.

நம் ஊழியர்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 80,000 ரூபாய். சிறப்புப் படி மாதம் 40,000. ஆண்டு போனஸ் 1,60,000. அவருடைய பிஎஃப் கணக்கில் கம்பெனி தன் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறது, ஆண்டுக்கு 1,15,200.

இதோடு, வேளச்சேரியில் மாதம் 35,000 வாடகைக்குக் கம்பெனி ஒரு ஃபிளாட்டை லீசுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், சோஃபா என்று 1,80,000 ரூபாய்க்குச் சாமான்களும் வாங்கிப் போட்டிருக்கிறது. வீட்டுக்காக அவர் சம்பளத்திலிருந்து மாதம் 2,000 பிடிக்கிறார்கள். அப்புறம் ஒரு கார். 1,497 சிசி எஞ்சின், டிரைவர் உண்டு. பெட்ரோல், சர்வீஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் கம்பெனி செலவு. அலுவலக வேலைக்கும் குடும்பத்துக்கும் அதே கார்தான்.

முதல் படி: வீட்டுக்கான 'சம்பளம்' எது?

வீட்டின் மதிப்பு சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் விதி சொல்கிறது. அதனால் சதவீதத்தைத் தேடும் முன், எந்தத் தொகையின் சதவீதம் என்று தீர்க்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் படியில் நடந்தவை.

அடிப்படைச் சம்பளம், வரிக்குட்பட்ட படிகள், போனஸ், கமிஷன், இவை உள்ளே வரும். அகவிலைப்படி உண்டென்றால், அது ஓய்வூதியப் பலன்களுக்குக் கணக்கில் எடுக்கப்படுகிற அகவிலைப்படியாக இருந்தால் மட்டும் உள்ளே வரும். கம்பெனியின் பிஎஃப் பங்கு வராது. வரிவிலக்கு உள்ள படிகள் வராது. கிராஜுவிட்டி மாதிரி வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கிடைக்கும் தொகைகளும் வராது. முக்கியமாக, மற்ற பெர்க்விசிட்களின் மதிப்பும் வராது. காரின் மதிப்பைச் சம்பளத்தில் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையில் வீட்டுக்குப் பத்து சதவீதம் போடுவது தவறு. மென்பொருளில் சம்பளக் கூறுகளை வரையறுக்கும்போது ஒரு டிக் மாறிப் போனாலே இது நடந்துவிடும், யாருக்கும் தெரியாது.

நம் மேலாளருக்கு 9,60,000 + 4,80,000 + 1,60,000 = 16,00,000 ரூபாய். பிஎஃப் பங்கைச் சேர்த்து 17,15,200 என்று எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நியமனக் கடிதத்தில் சிடிசி என்று போட்டிருக்கும் தொகையை அப்படியே எடுப்பதால் வருவது இது.

போனஸை விடுவது இதற்கு நேர்மாறான தவறு. ஏப்ரலில் கணக்குப் போடும்போது போனஸ் எவ்வளவு என்று தெரியாது, அதனால் சேர்க்க மாட்டார்கள். பிப்ரவரியில் போனஸ் அறிவித்ததும் அதற்கான வரியும், அதனால் கூடிய வீட்டு மதிப்புக்கான வரியும் மார்ச் சம்பளத்தில் ஒரேயடியாக விழும். என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வகை.

இரண்டாம் படி: வீட்டின் மதிப்பு

வீடு யாருடையது என்று பாருங்கள். கம்பெனிக்குச் சொந்தமான வீடு என்றால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்தில் சம்பளத்தில் 10 சதவீதம். 15 லட்சத்துக்கு மேல் 40 லட்சம் வரை என்றால் 7.5 சதவீதம். மற்ற ஊர்களில் 5 சதவீதம். சென்னை முதல் வகை, ஓசூர் கடைசி வகை. இந்த விகிதங்கள் 2023 செப்டம்பர் 1 முதல் வந்தவை. அதற்கு முன் 15, 10, 7.5 என்று இருந்தன. 2001 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தார்கள். பழைய எக்செல் தாளை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிற அலுவலகங்களில் 15 சதவீதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கணக்கு எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு வந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

கம்பெனி வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீடு என்றால் ஊர் முக்கியமில்லை. கம்பெனி கட்டும் உண்மையான வாடகை, சம்பளத்தில் 10 சதவீதம், இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு.

நம் மேலாளர் வீட்டுக்குக் கம்பெனி ஆண்டுக்கு 4,20,000 வாடகை கட்டுகிறது. சம்பளத்தில் பத்து சதவீதம் 1,60,000. குறைந்தது 1,60,000, அதையே எடுக்கிறோம். அவரிடம் பிடித்த 24,000-ஐக் கழித்தால் 1,36,000.

சாமான்களுக்குத் தனிக் கணக்கு. கம்பெனி வாங்கியவை என்றால் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம். வாடகைக்கு எடுத்துப் போட்டவை என்றால் அந்த வாடகை முழுவதும். 1,80,000-இல் பத்து சதவீதம் 18,000. சாமான் பழசாகிவிட்டதே என்று குறைக்க முடியாது. எத்தனை வருடமானாலும் வாங்கிய விலைதான் அடிப்படை. ஆக வீட்டின் மொத்த மதிப்பு 1,54,000 ரூபாய்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பெனி 4,20,000 செலவழிக்கிறது, வரிக்கு வருவது 1,60,000. இதே 4,20,000-ஐ வீட்டு வாடகைப்படியாகக் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? புதிய வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்குக் கிடையாது. முழுத் தொகைக்கும் வரி. பிடித்தத்தையும் சாமான்களையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் 2,60,000. நம் மேலாளர் இருக்கும் 20 சதவீத அடுக்கில், 4 சதவீத செஸ் சேர்த்து, 54,080 ரூபாய் வரி மிச்சம். பழைய முறையில் வாடகைப்படி விலக்கு இருந்ததால் கம்பெனி லீசை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புதிய முறைக்கு மாறியவர்கள் இப்போது அதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும், வாடகையும் கம்பெனி கணக்கிலிருந்து போக வேண்டும். ஊழியர் பெயரில் ஒப்பந்தம் போட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு கம்பெனி பணம் கொடுத்தால் அது கம்பெனி வீடு ஆகாது. அவருடைய கடனைக் கம்பெனி அடைத்த கதை, முழுத் தொகையும் சம்பளத்தில் சேரும்.

ஆண்டு நடுவில் குடிபோனால்

வீட்டில் இருந்த காலத்துக்கான சம்பளத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஜூலை 1-இல் குடிபோனால் ஒன்பது மாதம். 16,00,000-இல் ஒன்பது மாதப் பங்கு 12,00,000, அதில் பத்து சதவீதம் 1,20,000. போனஸ் மார்ச்சில் கைக்கு வந்தாலும் அது ஆண்டு முழுவதற்குமானது. அதையும் ஒன்பது மாதத்துக்கே எடுக்க வேண்டும். சாமான்களுக்கும் அப்படியே.

மாற்றலாகிப் போகும்போது பழைய ஊரில் வீட்டைக் காலி செய்யாமல் புதிய ஊரிலும் ஒரு வீடு கிடைத்தால், முதல் 90 நாளுக்கு இரண்டில் மதிப்புக் குறைந்த வீட்டை மட்டும் எடுத்தால் போதும். 91-ம் நாளிலிருந்து இரண்டும் சேரும். பிள்ளைகள் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே வீட்டில் பல வருடம் இருந்தால்

2023-இல் விகிதங்களைக் குறைத்தபோதே இன்னொரு சலுகையும் வந்தது. அது பலருக்குத் தெரியாது. வீடு அதேதான், ஆனால் சம்பளம் கூடும்போதெல்லாம் பத்து சதவீதமும் கூடிக்கொண்டே போகிறது. இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அதே ஊழியர் அதே வீட்டில் தொடர்ந்தால், முதல் ஆண்டு மதிப்பைப் பணவீக்கக் குறியீட்டுக்கு ஏற்ப உயர்த்தினால் வரும் தொகையை இந்த ஆண்டின் மதிப்பு தாண்டக் கூடாது. முதல் ஆண்டு என்பது 2023-24 அல்லது வீடு கொடுத்த ஆண்டு, எது பிந்தியதோ அது.

குறியீடு 2023-24-க்கு 348, 2024-25-க்கு 363, 2025-26-க்கு 376. நம் மேலாளர் 2024-25 தொடக்கத்திலிருந்தே இந்த ஃபிளாட்டில் இருந்து, அப்போது வீட்டு மதிப்பு 1,40,000 என்று வந்திருந்தால், பிடித்தம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கு இப்படிப் போகும்:

```
1,40,000 × 376 ÷ 363 = 1,45,014
```

சம்பளப்படி வருவது 1,60,000; உச்சவரம்பு 1,45,014. குறைந்ததையே எடுக்கலாம். ஏறக்குறைய 15,000 ரூபாய் சம்பளத்தில் சேராமல் போகிறது. ஃபிளாட் மாறினால், அதே அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுக்குப் போனாலும்கூட, கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். இதற்காக நான் வீடு வாரியாக ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறேன்: யார், எந்த முகவரி, எந்த ஆண்டு முதல், முதல் ஆண்டு மதிப்பு எவ்வளவு. சம்பள மென்பொருள் போன வருடத்துத் தொகையைத் தானாகத் தேடிப் பிடிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கார்

வீட்டுக்கு மதிப்புப் போட எல்லா ஊழியரும் ஒன்றுதான். கம்பெனி காருக்கு அப்படியில்லை. இயக்குநராக இருப்பவர், கம்பெனியில் 20 சதவீதம் வாக்குரிமை உள்ளவர், அல்லது பணமாகப் பெறும் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டுகிறவர், இவர்களுக்கு மட்டுமே அது வரிக்கு வரும். அந்த வரம்பு வெகு காலம் 50,000 ரூபாய் என்றே இருந்ததால் கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டினார்கள். 2025-26 முதல் அது 4 லட்சம். நம் மேலாளர் அதைத் தாண்டியவர், அதனால் தொடர்வோம்.

கார் யாருடையது, செலவு யாருடையது, எதற்குப் பயன்படுகிறது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தொகை தானாக வந்துவிடும். கார் கம்பெனியுடையது (அல்லது கம்பெனி வாடகைக்கு எடுத்தது), செலவும் கம்பெனியுடையது, அலுவலகத்துக்கும் சொந்த வேலைக்கும் பயன்படுகிறது என்றால், எஞ்சின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400. டிரைவர் இருந்தால் கூடுதலாக 900. ஆர்சி புத்தகத்தில் சிசி பார்த்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம், ஒரே மாடல் பெட்ரோலில் ஒரு அளவு, டீசலில் இன்னொரு அளவு என்று வரும்.

நம் மேலாளருக்கு மாதம் 1,800 + 900 = 2,700. ஆண்டுக்கு 32,400. டிரைவர் சம்பளமே மாதம் பதினெட்டாயிரம், இருபதாயிரம் ஆகிற காலத்தில் காருக்கும் டிரைவருக்கும் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூறு! இதைக் கேட்டதும் சிலர், "அப்படின்னா நான் கம்பெனிக்கு மாசம் மூவாயிரம் கட்டிடறேன், மதிப்பு பூஜ்யம் ஆயிடுமா?" என்பார்கள். ஆகாது. இந்தக் கலப்புப் பயன்பாட்டு வகையில் ஊழியரிடம் வசூலித்த தொகையைக் கழிக்க விதியில் இடமில்லை. வீட்டில் கழிக்கலாம், இங்கே முடியாது. ஆனால் சொந்தப் பயணத்துக்கான பெட்ரோலையும் பராமரிப்பையும் ஊழியரே முழுதாகப் பார்த்துக்கொண்டால் 1,800 என்பது 600 ஆகும், 2,400 என்பது 900 ஆகும். டிரைவருக்கான 900 மாறாது.

முழுக்க அலுவலக வேலைக்கு மட்டும் என்றால் மதிப்பு இல்லை. அதற்குப் பதிவேடு வேண்டும்: தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர், என்ன செலவு. கூடவே, அலுவலக வேலைக்கே பயன்பட்டது என்று கம்பெனியின் சான்றும் வேண்டும். ஒரு முறை எனக்குச் சரிபார்க்க வந்த லாக் புத்தகத்தில் பன்னிரண்டு மாதப் பக்கங்களும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போய்வந்த பதிவு, காரணம் 'வாடிக்கையாளர் சந்திப்பு'. அந்தக் காரை நான் கலப்புப் பயன்பாட்டில்தான் போட்டேன். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவதை மட்டும் சட்டமே சலுகையாக எடுப்பதில்லை; அதற்காகப் பதிவேட்டை ஜோடிக்கத் தேவையில்லை.

முழுக்கச் சொந்த உபயோகத்துக்கு என்றால் கதை தலைகீழ். இங்கே மாதத் தொகையெல்லாம் இல்லை, உண்மைச் செலவு. ஓட்டும் செலவு, பராமரிப்பு, டிரைவர் சம்பளம், அதோடு கார் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். இதிலிருந்து ஊழியரிடம் வசூலித்ததைக் கழிக்கலாம். வீட்டில் இரண்டாவது கார் கொடுத்திருந்தால் ஒன்றைக் கலப்புப் பயன்பாட்டில் வைத்துவிட்டு மற்றதை இந்த வகையில்தான் கணக்கிட வேண்டும். 9 லட்ச ரூபாய்க் கார், ஆண்டுக்கு 1,10,000 செலவு என்றால் 90,000 + 1,10,000 = 2,00,000 ரூபாய் சம்பளத்தில் சேரும். முதல் கார் 32,400, இரண்டாவது கார் இரண்டு லட்சம்.

மின்சாரக் காருக்கு எத்தனை சிசி என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 1962 விதிகளின் அட்டவணை எஞ்சின் அளவை மட்டுமே பேசுகிறது. எந்தத் தொகையை எடுத்தாலும் அதை எழுத்தில் முடிவு செய்து எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

சொந்தக் கார், செலவு கம்பெனியுடையது

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கார் ஊழியருடையது, பெட்ரோல், டிரைவர் செலவைக் கம்பெனி திருப்பித் தருகிறது, பயன்பாடு இரண்டுக்கும். இந்த வகையில் கம்பெனி தந்த உண்மைத் தொகையை எடுத்து, அதிலிருந்து அதே 1,800 + 900-ஐக் *கழிக்க* வேண்டும். ஆண்டுக்கு 1,50,000 திருப்பித் தந்திருந்தால் 1,50,000 − 32,400 = 1,17,600 வரிக்கு வரும். கம்பெனிக் காரில் சேர்க்கப்படும் 32,400, சொந்தக் காரில் கழிக்கப்படும் 32,400. எண் ஒன்றுதான், திசைதான் வேறு. சொந்தக் காருக்கு 1,50,000 வாங்கியவருக்கு வெறும் 32,400 என்று படிவத்தில் போட்டிருந்தால், கணக்குப் போட்டவர் அட்டவணையின் தவறான வரியைப் பார்த்திருக்கிறார். அலுவலகப் பயன்பாட்டுக்கு இதைவிடக் கூடுதலாக ஆனது என்று காட்ட வேண்டுமானால் மறுபடி லாக் புத்தகமும் சான்றும் வேண்டும்.

நான்காம் படி: எல்லாம் சேர்த்து

நம் மேலாளரின் கணக்கை முடிப்போம்.

```
பணமாகப் பெற்ற சம்பளம்      16,00,000
வீடு, சாமான்கள்              1,54,000
கார்                          32,400
மொத்தச் சம்பளம்             17,86,400
நிலையான கழிவு                75,000
வரிக்குட்பட்ட சம்பளம்        17,11,400
```

புதிய முறையில் முதல் 16 லட்சத்துக்கு 1,20,000 வரி. மீதி 1,11,400-க்கு 20 சதவீதம் 22,280. ஆக 1,42,280; செஸ் சேர்த்தால் 1,47,971. இதை ஏப்ரலிலிருந்தே பன்னிரண்டாகப் பிரித்துப் பிடித்தால் மாதம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம், யாருக்கும் வலிக்காது. போனஸ் தெரியவில்லை என்றால் போன வருடத்துத் தொகையை உத்தேசமாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஆண்டு முடிந்ததும் படிவம் 16-உடன் படிவம் 12பிஏ வரும். அதில் ஒவ்வொரு வசதிக்கும் மூன்று தொகைகள் இருக்கும்: விதிப்படி மதிப்பு, ஊழியரிடம் வசூலித்தது, வரிக்குட்பட்டது. வீட்டுக்கான வரிசையில் 1,78,000, 24,000, 1,54,000 என்று இருக்க வேண்டும். வசூலித்த இடத்தில் பூஜ்யம் இருந்து, சம்பளச் சீட்டில் மாதம் 2,000 பிடித்தம் இருந்தால், அந்த 24,000-ஐக் கழிக்க மறந்திருக்கிறார்கள். காருக்கான வரிசையில் வசூலித்ததாக ஏதாவது தொகை இருந்தால் கலப்புப் பயன்பாட்டில் கழிக்கக் கூடாததைக் கழித்திருக்கிறார்கள். இது உங்களுக்குச் சாதகமான தவறு, ஆனாலும் தவறுதான்.

சம்பளப் பிரிவிடம் இதைச் சொல்ல நல்ல நேரம் மார்ச் சம்பளத்துக்கு முன்பு. தவறினால், நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்யும் மே 31-க்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்றால் திருத்த அறிக்கை போட்டு, படிவம் 16-ஐ மறுபடி எடுத்துத் தர வேண்டும். செய்ய முடியாதது இல்லை. ஆனால் ஜூன் மாதம் எங்கள் மேசையில் உங்களுக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் இருப்பார்கள்.